மேன்ஹோல் மூடி: எந்தப் பாரப் பிரிவை வாங்குவது, மழைநீரும் நாற்றமும் புகாமல் எப்படி அடைப்பது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடி வளாகத்துக்குள் கார்கள் மட்டுமே வருகின்றன. எம்.டி.-10 மூடி போதாதா?

அன்றாடம் வருவது எது என்று பார்க்காமல், ஆண்டில் ஒரு முறையேனும் அந்த மூடியின்மேல் ஏறக்கூடிய மிகக் கனமான சக்கரம் எது என்று பார்த்தே பிரிவைத் தீர்மானிக்க வேண்டும். சென்னைப் புறநகரில் கோடை தொடங்கியதும் தண்ணீர் லாரி வராத வளாகம் குறைவு. கழிவுநீர் உறிஞ்சும் லாரி, வீடு மாற்றும் லாரி, தீயணைப்பு வண்டி ஆகியனவும் அதே பாதையில்தான் வந்தாக வேண்டும்.

ஒரு தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் நான்கு டயர்கள் பூட்டிய ஓர் ஒற்றை அச்சு சுமக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் எடை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 11.5 டன். நீர் நிரம்பிய லாரியின் பின் அச்சு அந்த அளவை எட்டுமானால், ஒரு பக்கத்து இரட்டைச் சக்கரம் 5.75 டன்னைத் தரையில் இறக்குகிறது. எம்.டி.-10 மூடி 10 டன் சோதனைச் சுமைக்கு வார்க்கப்படுவது. 10ஐ 5.75ஆல் வகுத்தால் கிடைக்கும் பாதுகாப்பு விகிதம் இரண்டைக்கூடத் தொடுவதில்லை. லாரி அசையாமல் நிற்கும்போது இருக்கும் நிலை இது. வண்டி திரும்பும்போதும், வேகத்தடையிலிருந்து இறங்கி மூடியின்மேல் விழும்போதும் சுமை இதைவிடக் கூடும். 20 டன் சோதனைச் சுமைக்கான எச்.டி.-20 போட்டால் அதே விகிதம் ஏறத்தாழ மூன்றரை ஆகிறது. ஆகவே லாரி செல்லும் உள்பாதைக்கு எச்.டி.-20 என்பதே என் பரிந்துரை. சக்கரமே ஏற வழியில்லாத பூங்கா ஓரத்துக்கும் கட்டடத்தை ஒட்டிய நடைபாதைக்கும் எல்.டி.-2.5 தாராளமாகப் போதும். லாரி நுழைய முடியாதபடி உயரக் கட்டுப்பாடு உள்ள தரையடிக் கார் நிறுத்தத்துக்கு எம்.டி.-10 சரியான தேர்வு.

மூடியில் 20 என்று பொறித்திருந்தால் 20 டன் லாரி போகலாம் என்று பொருளா?

இல்லை. அது ஆய்வுக்கூடத்தில் மூடியின் நடுவில் ஒரு கட்டையை வைத்து அழுத்திப் பார்க்கும் சோதனைச் சுமை. வண்டியின் மொத்த எடைக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. 16 டன் லாரி தன் எடையைப் பல சக்கரங்களுக்குப் பகிர்ந்துவிடுகிறது, மூடியின்மேல் ஒரு நேரத்தில் ஏறுவது அவற்றுள் ஒன்றுதான். அந்த ஒன்று அசைவோடும் அதிர்ச்சியோடும் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். சோதனைச் சுமைக்கும் சக்கரச் சுமைக்கும் இடையில் பெரிய இடைவெளி வைத்திருப்பது அதற்காகத்தான்.

வார்ப்பிரும்பு மூடிகளுக்கான ஐ.எஸ். 1726 தரமும், முன்வார்ப்புக் கான்கிரீட் மூடிகளுக்கான ஐ.எஸ். 12592 தரமும் ஒரே நான்கு பிரிவுகளைப் பயன்படுத்துகின்றன: எல்.டி.-2.5, எம்.டி.-10, எச்.டி.-20, ஈ.எச்.டி.-35. எண்கள் எல்லாம் டன் கணக்கு. கடைசிப் பிரிவு துறைமுகம், கிடங்கு, சரக்கு ஏற்றி இறக்கும் முற்றம், கனரக வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலை ஆகியவற்றுக்கு உரியது.

கடைக்காரர் டி-400 தருகிறேன் என்கிறார். எச்.டி.-20க்குப் பதிலாக அதைப் போடலாமா?

போடலாம், அது வலுவானது. டி-400 என்பது இ.என். 124 என்ற ஐரோப்பியத் தரத்தின் பிரிவு. அங்கே எண்கள் கிலோநியூட்டன் கணக்கில் இருக்கின்றன. ஏறத்தாழப் பத்தால் வகுத்தால் டன் கிடைக்கும் என்பதால் டி-400 சுமார் 40 டன், சி-250 சுமார் 25 டன், பி-125 சுமார் 12.5 டன் சோதனைச் சுமையைக் குறிக்கின்றன. ஆகவே நம் எச்.டி.-20, பி-125க்கும் சி-250க்கும் நடுவில் நிற்கிறது. ஈ.எச்.டி.-35 கூட டி-400க்குச் சற்றுக் கீழேதான்.

எதிர்த்திசையில் மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது. ஒப்பந்தத்தில் எச்.டி.-20 என்று இருக்க, பி-125 மூடியைக் கொண்டுவந்து "இதில் 125 என்று இருக்கிறது, 20ஐவிடப் பெரியது" என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அலகைக் கேட்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடக் கூடாது. சி-250 பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஐரோப்பியத் தரம் அதைச் சாலையின் நடுவுக்கு அனுமதிப்பதில்லை. நடைபாதைக் கல்லிலிருந்து சாலைப் பக்கம் அரை மீட்டருக்குள் அடங்கும் ஓரப் பகுதிக்கே அது உரியது. வண்டிகள் ஓடும் தடத்துக்கு அங்கே டி-400தான்.

வார்ப்பிரும்பு, கான்கிரீட், ஃபைபர் – எதை வாங்குவது?

பாரப் பிரிவு ஒன்றாக இருந்தால் மூன்றும் அந்தச் சுமையைத் தாங்கும். வேறுபாடு அடைப்பில்தான் வெளிப்படுகிறது. சாம்பல் வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் நொறுங்கும் தன்மை கொண்டது. பெரும்பாலும் மூடி உட்காரும் அதன் அமர்வுப் பட்டை கடையப்படாமல் வார்த்தபடியே வருவதால், மூடிக்கும் பிரேமுக்கும் நடுவே ஒரே சீரான தொடுகை கிடைப்பதில்லை. டக்டைல் இரும்பு அதைவிட இலேசானது. வளைந்து கொடுக்கும், கீலும் ரப்பர் வளையமும் சேர்ந்தே வரும். நீரும் நாற்றமும் புகக் கூடாது என்பது உங்கள் முதல் தேவையானால் விலை கூடினாலும் இதையே வாங்கச் சொல்வேன்.

இரும்பிழைக் கான்கிரீட் மூடிக்குத் திருடு போகும் பயம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் கடப்பாரையால் நெம்பித் திறக்கும்போதெல்லாம் அதன் விளிம்பு சிதையும். விளிம்பைச் சுற்றியுள்ள இரும்புத் தகடு துருப்பிடித்து உப்பினால் மூடி பிரேமில் இறுகிக்கொள்ளும் அல்லது உட்காராமல் நிற்கும். அந்த நிலையில் ரப்பர் வளையம் வைத்தும் பயனில்லை. ஃபைபர் மூடி துருப்பிடிக்காது, ஒருவரே தூக்கிவிடலாம். ஆனால் அந்த இலேசே மழைக்காலத்தில் ஒரு சிக்கலாகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புது மூடி. ஆனால் வண்டி போகும்போதெல்லாம் "டக் டக்" என்கிறது. ஏன்?

மூடி மூன்று புள்ளிகளில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது, அல்லது பிரேமே ஆடுகிறது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மூடியின் ஓர் ஓரத்தில் நின்று எதிர் ஓரத்தை இன்னொருவர் காலால் அழுத்தட்டும். மூடி மட்டும் ஆடினால் குறை அமர்வுப் பட்டையில் இருக்கிறது. மூடியைத் தூக்கி, பட்டையில் ஒட்டியுள்ள மண்ணையும் பழைய தாரையும் சுரண்டி எடுத்து, பட்டை முழுவதும் சாக்கட்டியைத் தேய்த்து, மூடியை மீண்டும் வைத்து எடுத்துப் பாருங்கள். மூடியில் சாக்கட்டித் தூள் ஒட்டிய இடங்கள்தான் தொடும் இடங்கள். மண்ணை எடுத்த பின்னும் வட்டம் முழுவதும் பதியாவிட்டால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூடியும் பிரேமும் ஜோடியாக வருபவை. இறக்கி வைக்கும்போது ஒரு பிரேமுக்கு வேறொரு மூடி மாறிப்போவதே பல ஆட்டங்களுக்குக் காரணம்.

பிரேமும் சேர்ந்து ஆடினால் குறை கொத்தனார் வேலையில் இருக்கிறது. மட்டம் பார்ப்பதற்காகப் பிரேமுக்கு அடியில் மூன்று நான்கு செங்கல் துண்டுகளைச் சொருகி, சுற்றிலும் வெளியே மட்டும் சாந்து பூசிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரேம் கல் துண்டுகளின்மேல்தான் நிற்கிறது, சாந்தின்மேல் அல்ல. மூடி எந்தப் பிரிவாக இருந்தாலும் அங்கே பயன் இல்லை. இரண்டு பருவமழைக்குள் சாந்து பொடியாகி, பிரேமுக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழும். மழைநீர் புகும் பெரிய வாசல் அதுதான்.

மழை பெய்தால் தரைத்தளக் கழிவறையில் நீர் ஏறுகிறது. மூடியிலுள்ள இரண்டு சிறு ஓட்டைகள் வழியாகவா அவ்வளவு நீர் போய்விடும்?

கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கும். தெருவில் அரை அடி, அதாவது 15 சென்டிமீட்டர், நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூடியில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தூக்கு ஓட்டைகள் இருக்கின்றன. துளை வழி நீரோட்டத்துக்கான வழக்கமான சூத்திரம் இது:

```
Q = 0.6 × A × √(2 × g × h)
```

இரண்டு ஓட்டைகளின் பரப்பு A சுமார் 0.00098 சதுர மீட்டர், நீர் உயரம் h 0.15 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் g 9.81. விடையான Q வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். இனி மூடியின் விளிம்பைப் பார்ப்போம். 560 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடி, அமர்வுப் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியோடு உட்கார்ந்திருந்தால், சுற்றளவு முழுவதும் சேர்த்து அந்த மெல்லிய கீற்றின் பரப்பு ஓட்டைகளைவிடப் பெரிது. அதன் வழியே வினாடிக்கு இன்னும் 1.8 லிட்டர் புகும். ஆக ஒரு மூடிக்கு 2.8 லிட்டர். நிமிடத்துக்கு 170 லிட்டருக்கு அருகில்.

இதை அந்தத் தெருவின் கழிவுநீரோடு ஒப்பிடுங்கள். 50 வீடுகள், வீட்டுக்கு நாலரைப் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்கல், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்ற வழக்கமான வடிவமைப்புக் கணக்கின்படி, சராசரிக் கழிவுநீர் வினாடிக்கு 0.28 லிட்டர்தான். காலை நெரிசல் நேரத்தில் மும்மடங்காகப் பெருகினாலும் 0.85 லிட்டர். நீரில் மூழ்கிய ஒரே ஒரு மூடி, 50 வீடுகளின் உச்ச நேரக் கழிவுநீரைப்போல மூன்று மடங்கு நீரை உள்ளே விடுகிறது. அந்தத் தெருவில் ஐந்து மூடிகள் மூழ்கினால் வினாடிக்கு 14 லிட்டர். 200க்கு 1 சரிவில் பதித்த 200 மில்லிமீட்டர் குழாய் முழுதாக ஓடினால் கொண்டுபோகக்கூடியதே சுமார் 23 லிட்டர்தான். மேல் தெருக்களிலிருந்து வரும் நீரும் சேர்ந்தால் குழாய் நிரம்பி, எங்கே தாழ்வான வாய் இருக்கிறதோ அங்கே ஏறுகிறது. உங்கள் தரைத்தளக் கழிவறை அந்தத் தாழ்வான வாய்.

மூடியை மாற்றி ரப்பரும் வைத்தோம். இன்னும் நீர் உள்ளே வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைக்காகக் காத்திருக்காமல் வெயில் நாளிலேயே சோதித்துவிடலாம். மூடியைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டத்தில் களிமண்ணால் பாத்தி கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி, அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்தப் பாத்தியில் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் என்பது ஏறக்குறைய 8 லிட்டர்.

அடுத்து, நீரை வடித்துவிட்டு மூடியின் விளிம்பையும் ஓட்டைகளையும் களிமண்ணை அழுத்தி முழுமையாக அடைத்து, அதே உயரத்துக்கு மீண்டும் ஊற்றுங்கள். இறக்கம் நின்றுவிட்டால் கசிவு மூடியில் இருந்தது. நிற்காமல் தொடர்ந்தால் நீர் பிரேமுக்கு வெளியே, தரை வழியாக இறங்கி, பிரேமுக்கும் அதைத் தாங்கும் தொட்டிக் கழுத்துக்கும் நடுவே புகுகிறது. தரை மண்ணாகவோ பதிகல்லாகவோ இருந்தால் சிறிது நீரைத் தரையே உறிஞ்சும். அந்த இடங்களில் நீரில் சாயம் கலந்து ஊற்றி, அடுத்த தொட்டிக்குப் போகும் ஓட்டத்தில் நிறம் தெரிகிறதா என்று மேலிருந்தபடியே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் ஆள் உள்ளே இறங்கவோ தலையை உள்ளே நீட்டவோ கூடாது. கயிற்றில் கட்டிய கைப்பேசிக் கேமராவே இந்த வேலைக்குப் போதும்.

நான் சோதித்துப் பார்த்த பழைய தெருக்களில் பெரும்பாலும் இரண்டாவது விடையே வந்திருக்கிறது. அங்கே புதிய மூடிக்குச் செலவிட்ட பணம் வீண். பிரேமைக் கழற்றி, கழுத்துச் சுவரின் மேல்பரப்பை உறுதியான பகுதி வரை கொத்தி, கழுவி, பிரேமின் அடிப்பரப்பு முழுவதும் படியும்படி சுருங்காத கிரவுட்டில் அதை அமர்த்தி, சுற்றிலும் குறைந்தது 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு எம்-25 கான்கிரீட் போட வேண்டும். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவே பியூட்டைல் ரப்பர் நாடாவை ஒரு வளையமாக ஒட்டினால், பின்னாளில் கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் நீர் புகாது. சாதாரண சிமெண்ட் கான்கிரீட் என்றால் ஏழு நாளாவது வண்டியை விடக் கூடாது. இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மறுநாள் காலையில் யாராவது தடுப்பை நகர்த்திவிட்டு லாரியை விட்டுவிடுவார்கள். அந்த ஒரு லாரியோடு வேலை கெட்டுவிடும்.

மூடியின் விளிம்பை எதனால் அடைப்பது நல்லது?

இடத்தைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு. கட்டடத்தை ஒட்டிய, சக்கரம் ஏறாத ஆய்வுத் தொட்டிகளுக்கு இரட்டை அடைப்பு மூடி என்று விற்கும் வகை சிறந்தது. பிரேமில் பள்ளம் இருக்கும், மூடியின் விளிம்பு அதற்குள் இறங்கும், பள்ளத்தை கிரீஸால் நிரப்ப வேண்டும். நாற்றத்தை அது முழுமையாக நிறுத்தும். ஆனால் ஒவ்வொரு முறை திறந்த பின்னும் பள்ளத்தைத் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். மண் கலந்த பழைய கிரீஸ்மேல் மூடியைப் போட்டால் அடைப்பு இல்லை.

வண்டிகள் ஓடும் இடத்துக்கு ரப்பர் வளையத்தோடு வரும் டக்டைல் மூடி வேண்டும். அங்கே ரப்பருக்கு இரண்டு பணிகள்: நீரைத் தடுப்பது, இரும்போடு இரும்பு மோதாமல் அதிர்வைத் தாங்குவது. வண்டிகளிலிருந்து எண்ணெய் சொட்டும் பணிமனை, பெட்ரோல் நிலையம் போன்ற இடங்களில் ஈ.பி.டி.எம். ரப்பர் ஊறிப் பருத்துவிடும், அங்கே நைட்ரைல் ரப்பர் கேளுங்கள். மற்ற இடங்களில் ஈ.பி.டி.எம். நன்றாக உழைக்கும்.

இருக்கும் மூடியையும் பிரேமையும் மாற்ற வசதியில்லாதபோது, மூடிக்கு அடியில் தொங்கும் கிண்ணம் ஒன்று கிடைக்கிறது. கெட்டி பிளாஸ்டிக்கிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்திருப்பார்கள். அதன் உதடு பிரேமின் அமர்வுப் பட்டையில் ரப்பரோடு உட்காரும், மூடி அதன்மேல் உட்காரும். மூடியின் ஓட்டைகள் வழியே வரும் நீர் கிண்ணத்தோடு நின்றுவிடும். இரண்டு கவனங்கள் தேவை. உதட்டின் தடிமன் அளவுக்கு மூடி உயர்வதால், பட்டையில் மண் இருந்தால் முன்பு ஆடாத மூடி ஆடத் தொடங்கும். கிண்ணத்தில் சேரும் சேற்றைப் பருவமழைக்கு முன்பும் பின்பும் அள்ள வேண்டும், இல்லையென்றால் பாரம் தாங்காமல் உதடு கிழிந்து கிண்ணம் குழாய்க்குள் விழும். அப்போது அதுவே அடைப்பாகிவிடும்.

தூக்கு ஓட்டைகளை மட்டும் அடைக்க வேண்டுமானால் அதற்கான ரப்பர் அடைப்பான்கள் உண்டு. அடிமட்டம் மூடிய பையைப்போல் அமைந்த தூக்குப் பள்ளம் உள்ள மூடியாகவே வாங்கிவிடுவது அதைவிட நல்லது.

நாற்றம் தாங்க முடியவில்லை. மூடியைச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டால் என்ன?

வேண்டாம். அடைப்பு ஏற்படும் நாளில் கடப்பாரையால் உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். அதில் பிரேமின் விளிம்பு சிதைந்து, அதன்பின் எந்த அடைப்பும் நிற்காது.

அழுகிய முட்டை வாடையைத் தருவது ஹைட்ரஜன் சல்பைடு. குழாய்ச் சுவரில் படியும் வழுக்குப் படலத்துக்குள் காற்றில்லாத நிலையில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவுநீரிலுள்ள சல்பேட்டை இந்த வாயுவாக மாற்றுகின்றன. ஓட்டம் மெதுவாகத் தேங்கி நிற்கும் இடத்தில் அது உருவாகிறது. நீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்கும் இடத்தில், அல்லது பம்ப் குழாய் வந்து கொட்டும் தொட்டியில், அது நீரைவிட்டு வெளியேறுகிறது. ஆகவே தெருவில் ஒரே ஒரு மூடி மட்டும் நாறுகிறது என்றால், மூடியை அடைப்பதற்கு முன் அந்தத் தொட்டிக்குள் குழாய் உயரத்திலிருந்து விழுகிறதா, தரையில் வாய்க்கால் போன்ற வழித்தடம் உடைந்து மலம் தேங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைச் சரிசெய்தால் பாதி நாற்றம் போய்விடும். சரிசெய்யாமல் மூடியை மட்டும் இறுக்கினால், அதே வாயு ஈரமான கான்கிரீட் சுவரில் கந்தக அமிலமாக மாறி, மூடியைத் தாங்கும் கழுத்தையே அரிக்கும். சுவரின் மேல்பகுதி வெள்ளைப் பசைபோல் விரலுக்கு வழிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

ஓர் எச்சரிக்கை. "வாடை நின்றுவிட்டது, இனி பயமில்லை" என்று எண்ணவே கூடாது. பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கு செறிவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. அதற்குமேல் சில மடங்கு கூடினால் உயிரைப் பறிக்கும். இறுக அடைத்து நெடுநாள் திறக்காத தொட்டியை முதன்முறை திறக்கும்போது எல்லாரும் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம், அதாவது காற்று தம்மிடமிருந்து தொட்டிப் பக்கம் போகும் பக்கத்தில், தள்ளி நிற்க வேண்டும்.

எல்லா மூடிகளையும் அடைத்த பிறகு நாற்றம் வீட்டுக் குளியலறைக்குள் வருகிறது. ஏன்?

குழாய்க்குள் நீர் ஏறும்போது அங்கிருந்த காற்று எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். முன்பு அது மூடி இடுக்குகள் வழியே தெருவுக்குப் போனது. அந்த வழியை அடைத்துவிட்டீர்கள், வேறு வழி தரவில்லை. குளியலறைத் தரையிலுள்ள நீர்ப்பொறியில் காற்றைத் தடுப்பது வெறும் இரண்டு அங்குல நீர்தான். உள்ளழுத்தம் அந்த இரண்டு அங்குலத்தை மிஞ்சினால் நீர் குமிழியிட்டு, வாயு வீட்டுக்குள் வரும். மழை நேரத்தில் கழிவறையில் "களக் களக்" என்று சத்தம் கேட்டால் இதுதான் நடக்கிறது. புழங்காத குளியலறையில் நீர்ப்பொறி காய்ந்துவிட்டால் அழுத்தமும் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு வாளி நீர் ஊற்றினால் அது தீரும்.

சென்னையின் பழைய தெருக்களில் நெடிதுயர்ந்த வார்ப்பிரும்புக் காற்றுக்குழாய்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கழிவுக் குழாயின் காற்றை ஆள் உயரத்துக்கு மேலே வெளியேற்றவே அவற்றை நட்டார்கள். உங்கள் வளாகத்திலும் அதே ஏற்பாடு வேண்டும்: மூடிகளை அடைக்கும் அதே வேலையோடு, கழிவுக் குழாய்த் தொடரின் மேல்முனைத் தொட்டியிலிருந்து ஒரு காற்றுக்குழாயைச் சுவரோடு ஏற்றி, மொட்டை மாடிக்கும் அப்பால், சன்னல்களுக்கு எட்டாத உயரத்தில், கொசுவலைக் குல்லாவோடு முடிக்க வேண்டும். உயரமாகக் குழாய் ஏற்ற முடியாத இடத்தில், கிளர்வூட்டிய கரி நிரப்பிய வடிகட்டியை மூடிக்கு அடியில் வைப்பார்கள். கரி வாயுவைப் பிடித்துக்கொண்டு காற்றை விடும். ஆனால் கரி நனைந்தால் வேலை செய்யாது என்பதால் நீர் தேங்கும் மூடிக்கு அது பொருந்தாது.

பெருமழையில் மூடி தானாகவே தூக்கிக்கொள்கிறது. போல்ட் போட்டு இறுக்கலாமா?

மூடியைத் தூக்க எவ்வளவு நீர் வேண்டும் என்று முதலில் பாருங்கள். 560 மில்லிமீட்டர் விட்டமும் 100 கிலோ எடையும் உள்ள மூடியை, அதன் அடிப்பக்கத்துக்கு மேல் 41 சென்டிமீட்டர் உயர நீரழுத்தம் தூக்கிவிடும். 600 மில்லிமீட்டர் விட்டமும் 60 கிலோ எடையும் கொண்ட டக்டைல் மூடிக்கு 21 சென்டிமீட்டரே போதும். ஃபைபர் மூடிக்கு அதைவிடக் குறைவு. இலேசான மூடிகளைப் பற்றி முன்பு சொன்ன சிக்கல் இதுதான். பூட்டில்லாத இலேசான மூடி இரவில் நகர்ந்து, கலங்கிய நீருக்கடியில் திறந்த குழியை விட்டுச்செல்லும். ஆகவே தாழ்வான தெருவில் டக்டைலோ ஃபைபரோ வாங்கினால் பூட்டுத் தாழோடு மட்டும் வாங்குங்கள்.

போல்ட் இறுக்குவதில் இரண்டு விளைவுகளை எதிர்பார்த்தாக வேண்டும். தூக்கும் விசை இனி பிரேமுக்கு மாறும் என்பதால் பிரேமை நங்கூரக் கம்பிகளால் தொட்டியின் மேல்தளத்தோடு பிணைக்க வேண்டும். மேலும், தெருவில் வழிந்துகொண்டிருந்த நீர் இனி அடுத்த தாழ்வான வாயைத் தேடும். அது யாருடைய தரைத்தளக் கழிவறை என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வீட்டின் இணைப்புக் குழாயில் திரும்புநீர் தடுக்கும் வால்வைப் பொருத்திய பிறகே போல்ட்டைப் போட வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்த ஒரு வளாகத்தில், மூடிகள் அசையாமல் நிற்க, காவலாளியின் அறைக்குள் கழிவுநீர் நிரம்பியதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய படுக்கையும் துணிமணிகளும் போயின. அந்த அறையில் ஒரு கழிவறை இருக்கிறது என்பதையே திட்டமிட்டவர்கள் எவரும் கணக்கில் கொள்ளவில்லை.

தெருவில் தேங்கிய மழைநீரை வடிக்க மூடியைத் திறந்துவிடலாமா?

கூடவே கூடாது. சென்னையில் பாதாளச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் தனித்தனி அமைப்புகள். முன்னது மழைநீரைச் சுமக்கக் கட்டப்பட்டதன்று. ஒரு மூடியின் இடுக்குகளே என்ன செய்கின்றன என்று மேலே கணக்கிட்டோம், திறந்த வாய் அதைப்போல் பல மடங்கு நீரை இறக்கும். அதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 29 அன்று மும்பைப் பெருமழையில், நீரை வடிப்பதற்காகத் திறந்துவிட்ட ஒரு மேன்ஹோலில் விழுந்து, வீட்டுக்கு நடந்து சென்றுகொண்டிருந்த மருத்துவர் ஒருவர் இறந்தார். மூடிக்குக் கீழே பாதுகாப்புக் கம்பிவலை பொருத்தும் பணி அந்நகரில் அதன் பிறகே வேகம் பெற்றது. நீர் தேங்கும் தெருவில் புதிதாக மூடி போடுகிறீர்கள் என்றால், அதே பிரேமில் வலை மாட்டும் கொக்கிகளும் இருக்கும்படி கேளுங்கள்.

சாலையை உயர்த்தித் தார் போட்டதால் மூடி பள்ளத்தில் கிடக்கிறது. என்ன செய்வது?

பள்ளத்தில் கிடக்கும் மூடி முதலில் மூழ்கும், கடைசியில்தான் வெளியே தெரியும். சக்கரமும் அதில் குதித்து இறங்கும். பிரேமை முழுமையாகத் தூக்கி, கழுத்தைக் கான்கிரீட்டால் உயர்த்தி மறுபடி அமர்த்துவதே சரி. பழைய பிரேமுக்குமேல் இன்னொரு வளையத்தை வெறுமனே வைத்தால் இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு கசிவு வளையத்தை உண்டாக்குகிறீர்கள். முடிந்த பின் மூடி சாலை மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும். நீர் தேங்கும் இடமென்றால் சுற்றியுள்ள கான்கிரீட்டை மூடியிலிருந்து வெளிப்புறமாக மெல்லச் சரித்து விடலாம்.

வாங்கும்போது ஆர்டரில் என்ன எழுத வேண்டும்?

"கனரக மூடி" என்று மட்டும் எழுதினால் எதுவும் வந்து சேரும். தரத்தின் எண், பாரப் பிரிவு, உள்திறப்பின் அளவு, ரப்பர் வளையத்தின் வகை, பூட்டு வேண்டுமா, தூக்குப் பள்ளம் அடிமூடியதா, மூடியும் பிரேமும் ஒரே ஜோடி எண்ணோடு வர வேண்டும் என்பது ஆகியவற்றை எழுதுங்கள். இறக்கும்போது பிரிவும் தரத்தின் எண்ணும் மூடியிலேயே வார்த்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயின்டால் எழுதியதை ஏற்க வேண்டாம். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் சமதரையில் வைத்து, எதிரெதிர் ஓரங்களை அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டே வண்டியை அனுப்புங்கள்.